டப்பா திறந்து எத்தனை மாதம் ஆயிற்று?

கேள்வி: டாக்டர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே சென்சிடிவ் தோல். முன்பக்கம் 'ஆலோவேரா, மஞ்சள்' என்று போட்டிருந்த ஒரு ஃபேஸ் க்ரீமை 2024 தீபாவளிக்கு வாங்கி, அன்றே திறந்தேன். வெளியே கிளம்பும்போது மட்டும் கொஞ்சமாகப் பூசுவதால் இன்னும் கால்வாசி மீதி இருக்கிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக, பூசிய மறுநாள் கண் இமையும் கழுத்தும் அரித்துச் செதில் உதிர்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் ஆல்கஹால் என்று இருக்கிறதே, அதனாலா? மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னமும் அதற்குள் '12எம்' என்றும் இருக்கிறது. ஆனால் எக்ஸ்பயரி 02/2027 வரை இருக்கிறது. அப்படியானால் இன்னும் பூசலாம்தானே?
— வாசகி, திருப்பூர் (ஜனவரி 2026)

பதில்: வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சின்னத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் டப்பாவில் இரண்டு கெடு அச்சாகியிருக்கிறது, இரண்டும் வேறு வேறு. 02/2027 என்பது திறக்காத டப்பாவுக்கு. ஃபாக்டரியில் மூடிய மூடி மூடியபடியே இருந்தால், அந்த மாதம் வரை உள்ளே இருப்பது சரியாக இருக்கும் என்று தயாரிப்பவர் சொல்கிறார். 12எம் என்பது நீங்கள் முதல்முறை மூடியைத் திறந்த நாளிலிருந்து 12 மாதம். தயாரித்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, கடையில் வாங்கிய தேதியிலிருந்தும் எண்ணக் கூடாது. இரண்டு கெடுவில் எது முந்தி வருகிறதோ அதுதான் கணக்கு. நீங்கள் 2024 அக்டோபர் கடைசியில் திறந்தீர்கள். ஆகவே உங்கள் டப்பாவின் ஆயுள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 2027 என்ற எண் உங்களுக்கு இனி பொருந்தாது.

இந்தச் சின்னம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திலிருந்து வந்தது. 2003-ல் சட்டத்தில் சேர்த்து, 2005 மார்ச்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு, திறந்தபின் எத்தனை மாதம் என்பதையும் போட வேண்டும் என்பது அந்த விதி. நம் நாட்டு லேபிளில் தயாரித்த தேதியும் எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும்தான் முக்கியமாக இருக்கும். அதனால் திறந்த டப்பா சின்னம் இல்லாத க்ரீமும் கடையில் நிறையக் கிடைக்கும். சின்னம் இல்லை என்பதற்காக, திறந்தபின் கணக்கே கிடையாது என்று அர்த்தமில்லை. வாங்கியதும் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் திறந்த தேதியை எழுதிவிடுங்கள். இதைச் செய்யாதவரை எந்தச் சின்னத்தாலும் பயனில்லை, ஏனென்றால் திறந்த தேதி பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது. உங்களுக்குத் தீபாவளி என்பதால் நினைவிருந்தது.

12 மாதம் முடிந்த மறுநாளே க்ரீம் விஷமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சாதாரணமாகப் பயன்படுத்தினால் அதுவரை கிருமி சேராது, பிரியாது, தன்மை மாறாது என்பதற்குத் தயாரிப்பவர் கொடுக்கும் வாக்கு அது. ஈரவிரலை உள்ளே விட்டு எடுப்பதும், குளியலறையில் மூடியைச் சரியாகத் திருகாமல் வைப்பதும், ஏப்ரல் மாத வெயிலில் வண்டியின் டிக்கியில் கிடப்பதும் அந்த வாக்கில் அடங்காது. அகலவாய் டப்பாவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காற்றுதான். அதைப் புரிந்துகொள்ள உங்கள் படத்தில் இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும்.

படத்தில் எனக்குத் தெரிவது இவ்வளவு: அக்வா, கிளிசரின், செட்டியரில் ஆல்கஹால், கேப்ரிலிக்/கேப்ரிக் ட்ரைகிளிசரைடு, நியாசினமைடு, டைமெத்திகோன், ஃபீனாக்ஸிஎத்தனால், ஆலோ பார்படென்சிஸ் லீஃப் ஜூஸ், குர்குமா லாங்கா ரூட் எக்ஸ்ட்ராக்ட், பார்ஃபம், சாந்தன் கம், டோகோஃபெரால், லினலூல், லிமோனீன், ஜெரானியால். அடுத்த சொல் டப்பாவின் வளைவில் மறைந்துவிட்டது. கடைசி வரியில் சி.ஐ. 19140.

பட்டியலில் பெயர்கள் அளவுப்படி, அதிகத்திலிருந்து குறைவாகப் போகும். ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். நிறமிகள் கடைசியில் வரும். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் அச்சிடமாட்டார்கள், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அது சுலபம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது க்ரீம் கெடாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய விதிப்படி அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. எனவே அந்த விதிக்கு உட்பட்ட க்ரீமில், அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அந்த ஆலோவேராவும் மஞ்சளும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. க்ரீமின் மஞ்சள் நிறத்துக்குக் கடைசி வரியில் இருக்கும் சி.ஐ. 19140 போதும். அது டார்ட்ராசின் என்ற சாயம்.

அப்புறம் நீங்கள் கேட்ட ஆல்கஹால். செட்டியரில் ஆல்கஹால் வெள்ளை மெழுகு மாதிரி இருக்கும், க்ரீமுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பதும் தோலை மிருதுவாக்குவதும் அதன் வேலை. ஸ்பிரிட் போலத் தோலை உலர்த்தாது. மிகச் சிலருக்கு அதிலும் அலர்ஜி வருவதுண்டு, ஆனால் நான் முதலில் சந்தேகப்படும் பெயர் அதுவல்ல. உங்களைப் போன்ற தோலுக்கு எரிச்சல் தருவது 'ஆல்கஹால் டெனாட்' என்று எழுதியிருப்பது. அது பட்டியலின் முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். உங்கள் க்ரீமில் அது இல்லை.

நான் சந்தேகப்படுவது பார்ஃபம் என்ற ஒரு சொல்லையும், அதற்குப் பின்னால் வரும் லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்ற மூன்றையும். பார்ஃபம் என்பது தனிப் பொருள் இல்லை. பத்து வாசனைப் பொருளோ நூறோ கலந்த கலவைக்கு ஒரே பெயர் போட அனுமதி இருக்கிறது. அலர்ஜி தரக்கூடியவை என்று தெரிந்த வாசனைப் பொருட்களை மட்டும் தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. பூசி அப்படியே விட்டுவிடும் க்ரீமில் அவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத வேண்டும். 50 கிராம் டப்பாவில் அது அரை மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவுக்கு விதி போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஆலோவேரா இந்த அளவில் உங்கள் தோலுக்குப் பெரிதாக எதுவும் செய்துவிடப் போவதில்லை. ஆனால் அலர்ஜி ஏற்கெனவே பிடித்துவிட்ட தோலுக்கு, அந்தப் பொருள் துளி இருந்தாலும் போதும். அதனால் பட்டியலில் கடைசியில்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. சென்சிடிவ் தோல்காரர்கள் பட்டியலைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதே நல்லது.

இப்போது காற்றுக்கு வருகிறேன். லினலூல் லாவெண்டரில் இருக்கிறது, நம் வீட்டுக் கொத்தமல்லி விதை எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். லிமோனீன் ஆரஞ்சுத் தோலில் இருக்கிறது. சுத்தமான, புதிய நிலையில் இந்த இரண்டும் அலர்ஜி தருவதில் பலவீனமானவை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு அவை ஹைட்ரோபெராக்ஸைடு என்ற வடிவத்துக்கு மாறும்போது பலமான அலர்ஜிப் பொருட்களாகிவிடுகின்றன. ஸ்வீடனின் கோதன்பர்க் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு வேலை செய்து காட்டிய விஷயம் இது. மாறிய பொருளை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. க்ரீம் அதே வாசனையோடு, அதே வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும்போதே இந்த மாற்றம் நடந்திருக்கலாம். உங்கள் பட்டியலில் இருக்கும் டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும். முழுக்கத் தடுத்துவிடாது.

உங்கள் டப்பாவுக்குள் இதுதான் நடந்தது என்று படத்தை வைத்து நான் சொல்ல முடியாது. இன்னொரு வழியும் இருக்கிறது: க்ரீம் மாறாமல் இருந்து, உங்கள் உடல் மாறியிருக்கலாம். தோல் அலர்ஜி முதல் நாளே வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி ஒரு பொருளை அடையாளம் கண்டு பதிந்துகொள்ளச் சில மாதமும் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். பதிந்தபின் ஒவ்வொரு முறையும் வினை செய்யும். 'ஒரு வருடமாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் க்ரீம் காரணமாக இருக்காது' என்று என்னிடம் வருபவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்த வாதம் எடுபடாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அலர்ஜி என்று நான் நினைப்பதற்குக் காரணம், நீங்கள் எழுதிய 'மறுநாள்' என்ற சொல். பூசிய சில நிமிடத்தில் சுரீரென்று எரிந்து, அரை மணியில் அடங்கினால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். சென்சிடிவ் தோலில் இது சகஜம், சிலருக்கு நியாசினமைடே இப்படிச் செய்யும். பூசும்போது ஒன்றும் தெரியாமல், ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ கழித்து அரிப்பும் சிவப்பும் செதிலும் வந்தால் அலர்ஜியின் சாயல். இடமும் பொருந்துகிறது. இமையின் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது, கன்னம் தாங்கிக்கொள்வதை அது தாங்காது. ஆனால் இமை அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. தலைச்சாயம், நெயில் பாலிஷ் போட்ட விரலால் கண்ணைத் தேய்ப்பது, புது ஷாம்பூ என்று இந்த இரண்டு மூன்று மாதத்தில் ஏதாவது மாறியதா என்று யோசித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

படத்தில் மறைந்த அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி, ஐ, டி, ஆர் என்ற நான்கு எழுத்து மட்டும் தெரிகிறது. அது சிட்ரிக் ஆசிடாக இருந்தால் கவலையில்லை, க்ரீமின் புளிப்புத்தன்மையைச் சரிசெய்யத் துளி சேர்ப்பார்கள். சிட்ரலாகவோ சிட்ரோனெல்லாலாகவோ இருந்தால் அலர்ஜிப் பட்டியலில் இன்னொரு வாசனைப் பொருள் கூடுகிறது. பாதி தெரியும் பெயரை ஊகித்து முடிவு செய்யக் கூடாது. உருண்டை டப்பாவை ஒரே படத்தில் எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று படமாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசிச் சொல் இருக்கட்டும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் எழுத்து அழிந்துவிடும், ஜன்னல் வெளிச்சம் போதும். அடிப்பக்கத்தையும் எடுங்கள், சின்னமும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது, அதில் எழுத்து தட்டையாகத் தெளிவாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு மூன்று வாரத்துக்கு முகத்துக்கு வாசனை உள்ள எதுவும் வேண்டாம். பவுடர், ரோஸ் வாட்டர், சந்தனம், மஞ்சள் எல்லாமே இதில் அடக்கம். இயற்கையானது என்பதால் அலர்ஜி வராது என்பதில்லை, லினலூலும் இயற்கையானதுதான். வெறும் தண்ணீரில் கழுவி, வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கென்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் வாங்கி முகத்தில் பூசாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும், இமையருகே தொடர்ந்து பூசினால் கண்ணுக்கே ஆபத்து. இமை வீங்கினாலோ நீர் கோத்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தோல் முழுக்க ஆறியபின் புது க்ரீம் தேடலாம். முன்பக்கத்தில் இருக்கும், அலர்ஜி குறைவு என்று அர்த்தப்படும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சோதனை வேண்டும் என்று 1975-ல் போட்ட விதியை 1977-ல் நீதிமன்றமே தள்ளிவிட்டது. 'அன்சென்டட்' என்று எழுதியிருந்தாலும் மூல வாசனையை மறைக்க ஒரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருப்பதை எடுத்து, பட்டியலில் பார்ஃபம், பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்ற எந்தச் சொல்லும் இல்லையா, எசன்ஷியல் ஆயில் எதுவும் இல்லையா என்று கடைசியிலிருந்து பாருங்கள். வெறும் பர்ஃப்யூம் என்று மட்டும் இருந்து லினலூல் போன்ற பெயர்கள் இல்லாவிட்டால், அவை உள்ளே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே எழுதச் சொல்லும் விதி எல்லா நாட்டிலும் இல்லை.

'பாரபென் ஃப்ரீ' என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பாரபெனும் க்ரீம் கெடாமல் காக்கும் பொருள்தான், அது அலர்ஜி தருவது மிகக் குறைவு. தோலில் படும் பொருட்களால் வரும் அலர்ஜியைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவர் சங்கம் 2019-ல் அதை 'இந்த ஆண்டின் அலர்ஜி தராத பொருள்' என்றே அறிவித்தது. அதே சங்கம் 2013-ல் அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள் என்று அறிவித்தது மெத்தில்ஐசோதயாசொலினோன் என்ற இன்னொரு காக்கும் பொருளை. பூசி விட்டுவிடும் க்ரீம்களில் அதை ஐரோப்பா 2017-லிருந்து தடை செய்துவிட்டது. இந்த நீளமான பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் க்ரீமில் அது இல்லை. ஆனால் ஷாம்பூ, ஹேண்ட்வாஷ் போன்ற கழுவிவிடும் பொருட்களில் இன்னும் வரும்.

டப்பாவைவிட ட்யூபோ பம்ப்போ நல்லது, விரலும் காற்றும் குறைவாகவே உள்ளே போகும். சிறிய அளவாக வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஒரு கிராம் பூசினால் 50 கிராம் 50 வேளையில் தீர்ந்துவிட வேண்டும். உங்களுக்கு 14 மாதமாகியும் தீரவில்லை என்றால் 50 கிராம் உங்களுக்குப் பெரிய டப்பா.

புதியதை நேரே முகத்தில் பூசாதீர்கள். முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, கையின் உள்பக்கம், மூன்று விரல் அகல இடத்தில் காலையும் மாலையும் பூசுங்கள். ஏழு நாளாவது பூச வேண்டும், இரண்டு வாரம் முடிந்தால் இன்னும் நல்லது. காதுக்குப் பின்னால் ஒருமுறை தடவி மறுநாள் பார்ப்பது போதாது, அலர்ஜி வெளிப்பட இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்று பார்த்தோம். நடுவில் சிவந்து அரித்தால் உடனே நிறுத்திவிடுங்கள், அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டாம். ஒன்றும் வராவிட்டால் தாடையோரத்தில் சில நாள், அப்புறம் முகம், கடைசியாகத்தான் இமைப் பக்கம். சோப்பு, ஃபேஸ்வாஷ் போன்றவற்றை இப்படிப் பூசி விட்டுச் சோதிக்கக் கூடாது, நல்ல தோலிலும் எரிச்சல் தரும்.

எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரிய ஒரே வழி பேட்ச் டெஸ்ட். பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்வார்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு வட்டங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் இரண்டு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது. அதனால் கோடைக்கு முன்பே, பிப்ரவரிக்குள் முடித்துக்கொள்வது உங்களுக்கு வசதி. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு தப்பாக வரும். இங்கேதான் அந்தப் பழைய டப்பா தேவைப்படும். எல்லோருக்கும் வைத்துப் பார்க்கும் வழக்கமான பொருள் வரிசையோடு உங்கள் சொந்த க்ரீமையும் ஒரு வட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாசனைக் கலவைகள் வழக்கமான வரிசையிலேயே இருக்கும். காற்றில் மாறிய லினலூலும் லிமோனீனும் தனியாக வைத்தால்தான் தெரியும், எல்லா இடத்திலும் அவை இருக்காது, கேட்டுப் பாருங்கள். வாசனைப் பொருள்தான் என்று முடிவு வந்தால், க்ரீமோடு நிற்காமல் தலைக்கு வைக்கும் எண்ணெய், ஷாம்பூ, துணிக்குப் போடும் கண்டிஷனர் ஆகியவற்றின் பின்பக்கத்தையும் இதேபோல் மூன்று மூன்று படமாக எடுத்து அந்த டாக்டரிடம் காட்டுங்கள்.